மஞ்சளாய்த் தெரிந்த மலை

இலங்கையிலிருந்து வந்து இரண்டாவது மழைக்காலத்தில்தான் தெய்வம்மாவுக்கு உறைத்தது, அப்பா அய்யாவுவின் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று. அய்யாவு அதைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே முட்டிக்கொண்டிருந்தது.

கோத்தகிரிக்குப் பக்கத்து எஸ்டேட்டில் அவளுக்கும் கணவன் தங்கையாவுக்கும் கொழுந்து பறிக்கும் வேலை. விடியும் முன்பே தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாய் சம்பல் அரைத்து அப்பா முன் வைப்பாள். அங்கே இருந்தபோது நான்கு ரொட்டி தின்ற மனிதர், இப்போது ஓரத்தைக் கிள்ளிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

"ஒரு வாயாச்சும் தின்னுங்கப்பா."

"வாசனையே குமட்டுது புள்ள."

மனக்கவலைதான் என்று அவள் முடிவு கட்டினாள். அம்மாவை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவர். அவர் மகன் சுடலைமணிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவனும் அங்கேயே தங்கிவிட்டான். இதற்குமேல் மனிதருக்கு எப்படிப் பசிக்கும்? ஒருநாள், எதிர்மலையெல்லாம் மஞ்சளாய்த் தெரிகிறது என்று அவர் சொன்னபோது, அதையும் அந்த ஏக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டாள்.

தங்கையாவுக்கு வேறு பயம். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் காசநோயில் இளைத்துப் போனதைப் பார்த்தவன்.

"உங்கப்பா தட்டத் தனியா வை. புள்ளைங்க இருக்குற வீடு" என்றான்.

தெய்வம்மா வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார். அந்த வாரம் கஞ்சியைக்கூடத் தொடவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "பட்டினி கெடந்து எங்க உசிர வாங்குறீங்களா?" என்று கத்திவிட்டாள். அன்று மாலை தண்ணீர் எடுக்கப் போன அய்யாவு தலைசுற்றிப் படியில் விழுந்தார். மறுநாள் இருவரும் லீவு போட்டு அவரைக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் லோயிஸ் அவசரப்படாதவர். எடை பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் நாக்கையும் பார்த்தார். விழுங்கும்போது அடைக்கிறதா, இருமல் உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார்.

"ஏக்கந்தான் டாக்டரம்மா. ஊர் நெனப்பு" என்றாள் தெய்வம்மா.

"இருக்கலாமுங்க. ஆனா அதோட நின்னுறக் கூடாது. வயசானவங்க இளைச்சா காசநோய், வயித்துல கட்டி, சர்க்கரை எல்லாத்தையும் யோசிக்கணும்."

பிறகு அய்யாவுவின் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார். நெஞ்சிலும் குழலை வைத்துக் கேட்டார்.

"நாடி ரொம்ப மெதுவா, விட்டுவிட்டு அடிக்குதே. என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

"நெஞ்சுக்கு ஒண்ணு. அங்க இருந்தப்பவே எழுதிக் குடுத்தது. போத்தலக் காட்டி இங்க கடையில வாங்குறோம். அப்புறம் கால் வீங்குதுன்னு எஸ்டேட் டிஸ்பென்சரில ஒண்ணு குடுத்தாங்க."

"முந்தியே ஒண்ணு சாப்பிடறாருன்னு அங்க சொன்னீங்களா?"

யாரும் கேட்கவில்லை, தெய்வம்மாவும் சொல்லவில்லை. இரண்டையும் முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "பேருதான் வேற. ரெண்டும் ஒரே மருந்துங்க."

அய்யாவு அப்போதுதான் வாய் திறந்தார். "எல்லாம் மஞ்சளாத் தெரியுது டாக்டரம்மா. யாருகிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"நான் நம்பறேங்க. இந்த மருந்து ரத்தத்துல கூடிப்போனா அப்படித் தெரியும். பசியும் போயிரும், குமட்டும்."

தெய்வம்மா இரண்டு மாத்திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலைக்குப் போகும் அவசரத்திலும் தவறவிடாமல், தண்ணீரை அவளே பிடித்துக்கொடுத்து விழுங்கவைத்த மாத்திரைகள் அவை.

மாத்திரையை நிறுத்தி வார்டில் படுக்கவைத்தார்கள். சளியும் எக்ஸ்ரேயும் பார்த்தார்கள், காசநோய் இல்லை. அதைக் கேட்ட தங்கையா வெளியே போய்ப் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிவந்தான். மாமனார் கட்டிலிலேயே உட்கார்ந்து உரித்துக் கொடுத்தான். அவர் பாதிப் பழம் தின்றார்.

நாலைந்து நாளில் குமட்டல் அடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, இனி நெஞ்சுக்கு மருந்து வேண்டுமானால் தானே அளந்து தருவதாக டாக்டர் சொன்னார். "மாசாமாசம் எடை பார்க்கோணும். ஏறலைன்னா வயித்தையும் பார்த்துருவோம்."

வீட்டில் அன்று அய்யாவு ஒன்றரை ரொட்டி தின்றார். பிள்ளைகள் தூங்கப் போன பிறகு தெய்வம்மா அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"உங்களப் பாத்துக் கத்துனேனேப்பா."

"மருந்துதான்னு டாக்டரம்மா சொல்லுது, சரிதான்." அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா பசி வந்த பொறவும் உங்கம்மா நெனப்பு அப்படியேதான் இருக்கு புள்ள. அதுக்கு என்ன செய்யிறது?"

அம்மாவைப் பற்றி இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. "எப்படிப்பா நெனப்பு வருது, சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லத் தொடங்கினார்.