மூன்று இளநீர்

மறுநாள் காலை கர்ப்பப்பை ஆபரேஷன். ஆறு வருஷமாக, கர்ப்பப்பை கீழே சரியும் அடியிறக்கத்தை இரண்டு மகன்களிடமும் மறைத்து வைத்திருந்த மங்களம், சின்னவன் உத்தமன் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் ஆம்பூரிலிருந்து அவன் குடியிருக்கும் ஈஜிபுராவுக்கு வந்திருந்தாள். அறுபத்தெட்டு வயது.

மயக்க டாக்டர் அனன்யா ரத்த ரிப்போர்ட்டில் விரலை ஓட்டினாள்.

"ஹீமோகுளோபின் பத்தரை, போதும். சுகர் பரவாயில்ல. சோடியம் துளி கம்மி, அதுக்கெல்லாம் நிறுத்த மாட்டோம். பொட்டாசியம்தான் ஆறு புள்ளி ஒண்ணு."

"காலையிலயே மறுபடி ரத்தம் எடுத்தாங்களே மேடம்?" என்றான் உத்தமன்.

"குழாய்ல ரத்த அணு உடைஞ்சாலும் கூடக் காட்டும். அதான் ரெண்டாவது தடவை எடுத்தோம். அதுலயும் ஆறு. இப்படியே மயக்கம் குடுத்தா இதயத் துடிப்பு தடுமாறிடும். ஈசிஜி நல்லாருக்கு. ஆனா நாளைக்கு முடியாது." அவள் மங்களத்தைப் பார்த்தாள். "அம்மா, தினம் என்ன சாப்பிடறீங்க?"

"சோறு ரெண்டு வாய்தாம்மா. எளநிதான் புள்ள ஓயாம வாங்கியாறான். ஒரு நாளைக்கு மூணு."

உத்தமன் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தான். "ஆபரேஷனுக்குத் தெம்பு வேணும்னு... எட்டு நாளா."

"அதுல பொட்டாசியம் நிறைய. இவங்க கிட்னி வயசுக்குக் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது. பிபி மாத்திரையும் அதை வெளிய விடாது. எல்லாம் சேர்ந்துடுச்சு." குரல் தணிந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னைக்கே ஃபிசிஷியன் பார்த்து மருந்து குடுப்பார், மாத்திரைய மாத்துவார். இறங்கினதும் அடுத்த வியாழன் வெச்சுக்கலாம்."

சாயங்காலம் பொட்டாசியம் ஐந்துக்கு இறங்கிவிட, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உத்தமன் போனை வாயருகே பிடித்து அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் பேச ஆரம்பித்தான். "அண்ணா, ஆபரேஷன் தள்ளிப் போச்சு. தப்பு என்னுது. நான்தான் எளநி..."

மங்களம் அவன் கையைப் பிடித்தாள். "அதைச் சொல்லாத. உங்க அண்ணி வருஷம் பூரா சொல்லிக் காட்டுவா. ரத்தம் சரியில்லன்னு மட்டும் போடு."

"சரிம்மா. வியாழக்கெழம வரைக்கும் இங்கயே இரு."

"வேணாண்டா கண்ணு. ஒரு தடவ மனச கல்லாக்கிட்டு வந்தேன். நாலு பேருகிட்ட காட்டிட்டேன். திரும்ப எங்கிட்ட அந்தத் தெகிரியம் இல்ல. ஊருக்குப் போறேன், ஓசூர் பஸ்ல ஏத்தி வுடு."

"அம்மா, ஒரே வாரம்தானே."

"ஆறு வருஷம் இதோடதான் இருந்தேன். இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். அவன் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தவள், திரும்பி, உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். சிறுநீர் கசிந்து ஈரமாயிருந்தது. யாரும் பார்க்குமுன் முந்தானையால் துடைத்தாள்.

உத்தமன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.