மார்சிக்கின் முதுகு

ஒன்பது வருஷமாகக் கடையின் கைப்பேசி ஸவ்ரெஷின் மேசையில்தான் இருந்தது. அல்மாட்டி நகரில் பூனைகளுக்கு முடி வாரி, குளிப்பாட்டி, சிக்கெடுத்து அனுப்பும் கடை அது. பூனையைத் தூக்கிக்கொண்டு வருமுன் வாடிக்கையாளர்கள் மூன்று படம் அனுப்ப வேண்டும்: முதுகு, விலா, முடியை விலக்கிக் காட்டிய வயிறு. பார்த்துப் பதில் சொல்கிறவளுக்குத்தான் கடையில் மரியாதை.

போன மாதம் முதலாளியம்மா கலியா அந்தக் கைப்பேசியை எடுத்து டோல்கனாயிடம் கொடுத்துவிட்டாள். டோல்கனாய் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் படத்தின் மேலேயே வட்டம் போட்டு அனுப்புவாள். அக்குளில் சிக்கு, முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு ஊசி பிரஷ். சிக்கு தோலோடு ஒட்டியிருந்தால் கத்தரியைத் தொடாதீர்கள், தோல் கிழியும், இங்கே கொண்டு வாருங்கள், மெஷினால் எடுக்கிறோம். எல்லாம் சரிதான். சரியாக இருந்ததுதான் ஸவ்ரெஷுக்கு வயிற்றெரிச்சல். தான் இத்தனை வருஷம் வட்டம் போடாமல் சொன்னதும் அதுதானே? இப்போது ஊரே டோல்கனாயைக் கேள் என்கிறது. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு செய்யட்டும், கைப்பேசி தன் மேசைக்குத் திரும்பிவிடும் என்று ஸவ்ரெஷ் காத்திருந்தாள்.

பழைய வாடிக்கையாளர் பிபினூரின் பூனை மார்சிக்கின் படங்கள் வந்தன. சைபீரிய ஜாதி, சாம்பல் நிறம், நாலு வருஷமாக அதற்கு முடி வாரிக் குளிப்பாட்டியது ஸவ்ரெஷ்தான். முதுகில் முடி மெலிந்து வெளுத்துக் கிடந்தது. சிக்கு ஒன்றும் இல்லை. டோல்கனாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனக்கஷ்டத்தில் தன்னையே நக்கி நக்கி முடியை உதிர்த்திருக்கிறது, வாய் உடம்பை எட்டாதபடி கழுத்தில் அகல வளையம் மாட்டினால் நக்காது என்றாள்.

ஸவ்ரெஷ் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு குதியாட்டம். பூனை நக்கினால் நாக்கு சுலபமாக எட்டும் வயிறும் தொடையும்தான் முதலில் மெலியும். இதில் வயிறு மெத்தென்று இருந்தது. தலையும் கால்களும் அடர்த்திதான். முதுகெலும்பின் இரு பக்கமும், ஒரு கை அழுத்தி இழுத்த அகலத்துக்கு மட்டும் பட்டை பட்டையாக மெலிவு. முடி நுனிகள் வெட்டுப்பட்டு மொட்டையாக இருந்தன. தோலில் சிவப்போ செதிலோ இல்லை. உதிரும் முடியை இழுத்தெடுக்கும் பல்தகட்டின் வேலை இது. அளவு மீறினால் அடிமுடியோடு மேல்முடியையும் அறுத்துவிடும்.

மாட்டிக்கொண்டாளா என்று வாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். அந்தத் தகட்டை பிபினூருக்கு வாங்கச் சொன்னது யார்? வசந்தத்தில் முடி கொட்டும்போது தினமும் அதால் வாரிவிடுங்கள் என்று எழுதியது ஸவ்ரெஷ். எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதவில்லை. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களால் அல்மாட்டி வீடுகளில் பூனைக்குக் குளிர்காலம் முழுக்க முடி கொட்டும். பிபினூரும் முடி வந்துகொண்டே இருந்ததால் வாரிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தச் செய்தி இதே கைப்பேசியில், கொஞ்சம் மேலே தள்ளினால் இருக்கிறது.

பேசாமல் இருந்தால் மானம் தப்பும். ஆனால் டோல்கனாய் சொன்னதே சரி என்று ஆகிவிடும். ஸவ்ரெஷால் அதைத் தாங்க முடியவில்லை. மார்சிக் மேல் இரக்கம் பொங்கிப் பேசினாள் என்று சொன்னால் பொய். அவளைப் பேச வைத்தது பொறாமைதான்.

"நக்கினா வயிறுதான் முதல்ல போகும். இது தகடு. வாரச் சொன்னது நான், நிறுத்தச் சொல்லாததும் நான். மேல தள்ளிப் பாரு" என்றாள்.

கலியா காதிலும் விழுந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய செய்தியைப் படித்தாள், கைப்பேசியை டோல்கனாயிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த நிமிஷம் ஸவ்ரெஷுக்குக் காது சுட்டது.

டோல்கனாய் வட்டம் போட்டாள். தகட்டை நிறுத்துங்கள், அகலப் பல் சீப்பால் வாரம் இரண்டு தடவை மெதுவாக, வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள மருத்துவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று எழுதினாள். உடனே பதில் வந்தது. நன்றி டோல்கனாய், உங்கள் கண்ணே கண், இத்தனை வருஷம் அந்த ஸவ்ரெஷ் இதைச் சொல்லவே இல்லை.

டோல்கனாயின் முகம் சிவந்தது. விரல்கள் வேகமாக ஓடின. அனுப்பிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள்: கண்டுபிடித்தது ஸவ்ரெஷ் அக்கா, தப்பாகப் பார்த்தது நான்.

"நீங்க சொல்லலைன்னா வளையம் மாட்ட வச்சிருப்பேன் அக்கா. உங்க பேரை எப்படி மறைக்கிறது?" என்றாள்.

தகட்டை வாங்கச் சொன்னது ஸவ்ரெஷ் என்பதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஸவ்ரெஷ் தலையை ஆட்டிவிட்டுக் குளியல் தொட்டிப் பக்கம் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். இதுவரை அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இனி அவள் மனசைப் பார்த்தும் எரிய வேண்டும்.