நக அளவில் அப்பா

காலையில் கடைக்குப் போன அப்பா திரும்பவில்லை. என் யூடியூப் சேனலில் போடும் 'காணவில்லை' வீடியோவுக்கு நான் செய்த முகப்புப் படத்தை அக்கா போனில் நக அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா. அப்பா நெத்திய வெட்டிட்ட, அங்க இருக்குற தழும்பே தெரியல."

எரிச்சலோடு 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல்லைப் பெரிதாக்கினேன். அக்காவின் கல்யாணப் படத்திலிருந்து எடுத்த அப்பாவின் முகம் பெரிதாக்கியதும் கலங்கியது. தெளிவான முகம் ஒன்றுதான் இருந்தது: அப்பாவின் மறதியைக் கிண்டலடித்து நான் போடும் வீடியோக்களில், அவர் வாய்பிளந்து விழிக்கும் முகம். தழும்போடு அதையே வைத்தேன்.

அக்கா மறுபடி சுருக்கினாள். "இப்ப பளிச்சுனு தெரியுது."

வெளியிட்டோம். முதல் கமெண்ட் உடனே வந்தது.

"செம காமெடி! உங்கப்பா இன்னிக்கு வீட்டையே மறந்துட்டாரா?"