முறைப்படி வந்த விண்ணப்பம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரைப் பார்த்தாலும் "நீ"தான். ரொட்டிக் கடையில் "நீ", வங்கியில் "நீ", பல் பிடுங்குகிறவன்கூட வாயைத் திறக்கச் சொல்லும்போது "நீ" என்கிறான். ஓய்கன் மௌட்டெக்கு எழுபத்தொரு வயது. அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்த பின்னல் இயந்திரத் தொழிற்சாலையில், பழைய முதலாளி சாகிற வரைக்கும் அவரை "ஹெர் மௌட்டெ, நீங்கள்" என்று திரு போட்டுத்தான் கூப்பிட்டார். திட்டும்போதும் "நீங்கள் ஒரு கழுதை, ஹெர் மௌட்டெ" என்பார். அதில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது ஆள் சேர்க்கும் வேலைக்கு வந்திருக்கிற லென்னார்ட் என்ற பையன், முதல் நாளே தோளில் தட்டி, "ஹாய் ஓய்கன், எப்படிப் போகுது?" என்றான். ஓய்கன் அன்று முழுக்க அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றும் அவர் வாரத்தில் மூன்று நாள் வந்துகொண்டிருந்ததற்குக் காரணம் சின்ன வட்டப் பின்னல் இயந்திரம். அவர் கையால் கோர்த்து வளர்த்த இயந்திரம் அது. ஒரு காலத்தில், தென் ஜெர்மனியில் ஆல்ப் மேட்டிலிருக்கும் இந்த ஊர் முழுவதும் உள்ளாடை தைத்தது. தெருவில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் ஊசிச் சத்தமும் சூடான எண்ணெய் வாசனையும் வரும். இப்போது அந்தக் கட்டடங்களை அடுக்குமாடி வீடுகளாக்கி விற்கிறார்கள். மிச்சமிருப்பது இந்தத் தொழிற்சாலையும் இந்த இயந்திரமும்தான். அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கிற மின்னணுச் சில்லை உலகத்தில் இனி யாரும் தயாரிப்பதில்லையாம். புதுப் பெட்டி வேண்டும், அதற்குப் புது மென்பொருள் வேண்டும், அதை எழுத ஆள் வேண்டும். இலையுதிர்காலத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அந்த இயந்திரத்தை நிறுத்திவிடுவதாக, பழைய முதலாளியின் மகளும் இப்போதைய நிர்வாகியுமான ஃபிரீடரிக்கெ கண்ணைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

லென்னார்ட் விளம்பரம் போட்டிருந்தான். "எங்களோட சேர உனக்கு ஆசையா? கடிதம் எல்லாம் வேண்டாம், ரெண்டு கிளிக் போதும்!" ஸ்டுட்கார்ட்டில் கார் கம்பெனிகள் இருக்கும்போது இந்த மேட்டுக்கு யார் ஏறி வருவான்? ரெண்டு கிளிக் செய்தவர்களும் மூன்றாவது கிளிக்கில் காணாமல் போனார்கள்.

ஒன்பது மணிச் சிற்றுண்டிக்கு ஓய்கன் லேபர்கேஸ் என்ற சூடான இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியோடு உட்கார்ந்திருந்தபோது, லென்னார்ட் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே வந்தான். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஓய்கன், இதைப் பாரேன்! இந்தியாவிலேர்ந்து வந்திருக்கு. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு!"

"உனக்கு யாராவது கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும்? குடு இப்படி."

ஓய்கனுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜெர்மன் மொழியில் ஒரே பக்கம். மேலே அனுப்புநர் முகவரி, கீழே பெறுநர் முகவரி, உறையின் ஜன்னலில் தெரிய வேண்டிய அதே இடத்தில். வலப்பக்கம் தேதி. தடித்த எழுத்தில் பொருள். பிறகு:

"மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் நிறுவனம் வட்டப் பின்னல் இயந்திரத்துக்கான கட்டுப்பாட்டு மென்பொருள் பொறியாளரைத் தேடுவதை அறிந்தேன். கோயம்புத்தூரில் நூற்பு இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளை ஆறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வட்டப் பின்னல் இயந்திரங்களில் நான் இதுவரை பணியாற்றியதில்லை. ஓடும் நூலின் இழுவிசையை அளந்து, அறுபடுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்துவதே தற்போது எனது அன்றாடப் பணி.

எனது முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதங்கள். விசா கிடைத்தபின் அக்டோபர் முதல் தேதி பணியேற்க இயலும். எதிர்பார்க்கும் ஆண்டு ஊதியம் ஐம்பத்திரண்டாயிரம் யூரோ. நேர்காணலுக்கான தங்கள் அழைப்பை மகிழ்வுடன் எதிர்நோக்குகிறேன்.

நட்பார்ந்த வணக்கங்களுடன்,
தினகரன் மாரப்பன்"

கையெழுத்து நீல மையில் இருந்தது. அதற்குக் கீழே இணைப்புகளின் பெயர்கள்.

ஓய்கனின் ரொட்டி ஆறிப்போனது. இந்த மாதிரிக் கடிதத்தை அவர் வாழ்க்கையில் ஒரு தடவைதான் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். பதினாலு வயதில், இதே தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர, அவர் பெயரில் எழுதப்பட்ட கடிதம். வாசகம், ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஞானத்தந்தையாக நின்ற ஊராட்சி எழுத்தருடையது. ஓய்கன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். மை சிந்திச் சிந்தி அம்மா திரும்பத் திரும்ப எழுதவைத்தாள். அப்பா அன்று அடுப்பில் விறகு போடாமலே இருந்தார், தாளில் கரி பறந்துவிடக் கூடாதென்று. பழைய முதலாளி அதை வாசித்துவிட்டு, "நல்ல கடிதம். யார் எழுதினது?" என்று கேட்டார். ஞானத்தந்தை என்று உண்மையைச் சொன்னார் ஓய்கன். "பார்த்து எழுதினது?" "நான்தான்." "அப்ப நாளைக்கு வாங்க." பதினாலு வயதுப் பையனிடம் "வாங்க" என்றார் மனிதர்.

"என்ன ஓய்கன், அழுதுட்டியா?"

"வாயை மூடு. இதை அவன் எழுதியிருக்க மாட்டான். கம்ப்யூட்டர் எழுதியிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து விரலால் ஒரு வரியைத் தட்டினார். "ஆனா 'பணியாற்றியதில்லை'ன்னு இருக்கு பாரு. தெரியாததைத் தெரியாதுன்னு எவன்டா விண்ணப்பத்துல எழுதுவான்? இது ஒண்ணைத்தான் நம்பலாம்."

"நம்ம டீமுக்கு ஒத்து வர மாட்டான். ரொம்ப விறைப்பு."

"உன் டீம்ல யாரு இருக்கா? நீயும் காபி மெஷினும்."

ஃபிரீடரிக்கெ அறைக்குள் வந்தவள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். கடிதத்தை வாசித்தாள். "பதில் போடு லென்னார்ட். இன்னைக்கே" என்றாள்.

அவன் தனக்குத் தெரிந்த விதத்தில்தான் பதில் போட்டான். ஆள் சேர்க்கும் செயலியிலிருந்து, ராக்கெட் படம் வைத்து: "ஹாய் தினகரன்! செமயா எழுதியிருக்க! பேசலாமா? கீழே இருக்கற லிங்கை அமுக்கி உன் பாஸ்போர்ட் விவரத்தை நிரப்பு!"

ஒரு வாரம் போயிற்று. பதில் இல்லை. இன்னொரு ராக்கெட் போனது. அதற்கும் இல்லை.

"வேற வேலை கிடைச்சிருக்கும்" என்றான் லென்னார்ட். "இப்பல்லாம் அப்படித்தான், சொல்லாமலே மறைஞ்சுடுவாங்க."

பின்கொட்டகையில் ஓய்கனுடைய இயந்திரத்துக்கு ஏற்கெனவே துணி போர்த்தியிருந்தார்கள். "நீ என்னன்னு எழுதினே? காட்டு" என்றார். லென்னார்ட் கைபேசியை நீட்டினான். ஓய்கன் வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சிவந்தது.

"எங்க அக்கா ஹெட்விக்கைத் தெரியுமா? போன வருஷம் அவ ஃபோனுக்கு ஒரு மெசேஜ். 'ஹாய் அம்மா, இது என் புது நம்பர், அவசரம், இதை அமுக்கு.' அமுக்கினா. சேமிப்புல பாதி போச்சு. அவளுக்குப் பிள்ளையே கிடையாது, அது வேற விஷயம். முன்னப்பின்ன தெரியாதவன் 'நீ'ன்னு ஆரம்பிச்சு எதையாவது அமுக்கச் சொன்னா, அவன் திருடன். அந்தப் பையன் இதைப் பார்த்து என்ன நினைச்சிருப்பான்?"

லென்னார்ட் கைபேசியைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஓய்கன் எண்ணெய்க் கையோடு நேராக ஃபிரீடரிக்கெயின் அறைக்குப் போனார். அவளைத் தொட்டிலில் பார்த்தவர், அதனால் கதவைத் தட்டவில்லை. "ஃபிரீடா, உங்கப்பாவோட கடிதத்தாள் இருக்கா?"

"எதுக்கு?"

"மனுஷனுக்கு மனுஷன் எழுதற மாதிரி ஒண்ணு எழுதணும்."

இருந்தது, அலமாரியின் அடித்தட்டில். மேலே நிறுவனத்தின் பெயர், கீழே பொடி எழுத்தில் பதிவு நீதிமன்றம், பதிவு எண், நிர்வாகி பெயர், தெரு, தொலைபேசி. அதில் நிர்வாகி பெயர் மட்டும் இன்னும் அவள் அப்பாவுடையது. அந்தத் தாளைப் பார்த்து அவள் கணினியில் புதிதாக வடிவம் போட்டாள். ஓய்கன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். "மதிப்பிற்குரிய ஹெர் மாரப்பன் அவர்களுக்கு. தங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. அதை ஆர்வத்துடன் வாசித்தோம்..."

"ஆர்வத்துடனா?" என்றாள் அவள்.

"உங்கப்பா அப்படித்தான் சொல்வாரு. வாசிக்காமலே சொல்வாரு."

அச்சு எடுத்து, அவளும் உற்பத்தித் தலைவரும் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்கேன் செய்து நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்தே அனுப்பினார்கள். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணை அழைக்கலாம் என்று ஒரு வரி.

மறுநாள் விடிந்ததும் தொலைபேசி அடித்தது. அவன்தான். எண் உண்மையா என்று பார்த்திருக்கிறான். வியாழக்கிழமை திரையில் வந்தான்: கழுத்துப்பட்டை, படிய வாரிய தலை, பின்னால் சுழலும் மின்விசிறி. ஜெர்மன் மெதுவாக வந்தது, ஆனால் வந்தது.

"மன்னிச்சுக்குங்க. முதல் ரெண்டு செய்தியை நான் போலின்னு நினைச்சுட்டேன். ஜெர்மனியில வேலைன்னு சொல்லி என் நண்பன்கிட்ட பாஸ்போர்ட்டும் பணமும் வாங்கிட்டு ஓடிட்டாங்க. பெரிய கம்பெனி இப்படி எழுதாதுன்னு நினைச்சேன்."

"நாங்க பெரிய கம்பெனி இல்ல" என்றாள் ஃபிரீடரிக்கெ.

லென்னார்ட் மேசையில் இருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓய்கன் முன்னால் சாய்ந்தார். "ஹெர் மாரப்பன், அந்தக் கடிதத்தை யார் எழுதினது?"

தினகரன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான். "மாரப்பன் எங்கப்பா பேருங்க. பரவாயில்லை. வடிவம், வாசகம் எல்லாம் கம்ப்யூட்டர் குடுத்தது. நான் அகராதியை வச்சு ஒவ்வொரு வரியா படிச்சேன். எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு எனக்குத் தெரியணும் இல்லையா? பின்னல் இயந்திரத்துல ஆழ்ந்த அனுபவம் உண்டுன்னு ஒரு வரி போட்டிருந்தது. அதை அடிச்சுட்டேன். அந்த இடத்துல இருக்கறது மட்டும் என் வரி."

ஓய்கன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நூல் இழுவிசையைப் பற்றி ஃபிரீடரிக்கெயும் உற்பத்தித் தலைவரும் கேட்டுக்கொண்டே போனார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னான். தெரியாததற்குத் தெரியாது என்றான்.

முடிந்ததும் ஃபிரீடரிக்கெ எழுந்தாள். "அக்டோபருக்கு ஒப்பந்தம் போடறேன். அந்தத் துணியை எடுக்கச் சொல்லுங்க. சந்தோஷமா?"

"வரட்டும், பார்ப்போம். டை கட்டினவனெல்லாம் நூல் கட்டுவானா? விசாக்காரன் ஒருபக்கம் இருக்கான். பனி விழற மாசத்துல இங்க வந்து நின்னு பார்க்கட்டும்."

"உங்களுக்கு அவனைப் பிடிச்சிருக்கு."

"எனக்கு அந்த வரி பிடிச்சிருக்கு. வரி வேற, ஆள் வேற."

வாசலில் லென்னார்ட் நின்றிருந்தான். தொண்டையைச் செருமினான். "ஹெர் மௌட்டெ, நீங்க சொன்னது சரிதான்."

ஓய்கன் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்னடா வேணும் என்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாதவன் இப்படிப் பேச மாட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவர் பின்கொட்டகையை நோக்கி நடந்தார்.