மச்சான் வாங்கிய செருப்புகள்

செருப்புக்கடைக்காரர் இரண்டாவது கிளையைத் திறந்த நாளிலிருந்து அங்கே ஈ ஓட்டாத குறைதான். வாடகையும் சம்பளமும் பழைய கடையின் லாபத்தைத் தின்று தீர்த்தன. வேலைக்காரர்கள் மனசு விட்டுவிடக் கூடாதே என்று, மச்சானிடம் காசு கொடுத்து ரகசியமாக அங்கேயே வாங்க வைத்தார். வாங்கியதெல்லாம் பழைய கடை அலமாரிக்கே போனது. "இப்படியே போனா இன்னொரு ஆள் போடணும்" என்று வேலைக்காரர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

இன்று கிளையை மூடப்போவதைச் சொல்ல வந்தார். கல்லாவில் இருந்த பெண் முந்திக்கொண்டாள்.

"நீங்க சொன்னீங்களேன்னு என் தங்கச்சியை அவ பார்த்துட்டிருந்த வேலையை விடச் சொல்லிட்டேன் முதலாளி. நாளைக்கே வந்துடுவா."

அவர் தலை நிமிரவில்லை. குனிந்த கண்ணுக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சானின் கால் தெரிந்தது. அளவு பொருந்தாத ஒரு செருப்பை மும்முரமாக மாட்டிக்கொண்டிருந்தது.