நிறுத்திய மாத்திரை

மனநல வார்டில் அந்த இளம் டாக்டருக்கு ‘காவியம்’ என்று பெயர் வைத்தது தலைமை நர்ஸ்தான். நோயாளி வீட்டுக்குப் போகும்போது அவருடைய குடும்ப டாக்டருக்குக் கடிதமாக எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மற்றவர்கள் ஒரு பக்கத்தில் முடித்தால், இவள் நாலு பக்கம் எழுதுவாள். “சுருக்கம்னு பேரு வச்சுக்கிட்டு இப்படி நீட்டி முழக்கறீங்களே டாக்டர்” என்று நர்ஸ் கிண்டல் செய்வார். இவளுக்கு உள்ளூரப் பெருமைதான். மனிதர்களை நோயாகப் பார்க்காமல் மனிதர்களாகப் பார்க்கிறோம் என்ற நினைப்பு.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

மாஸ்டர் மறுபடி வந்திருந்தார், இந்தத் தடவை ஸ்ட்ரெச்சரில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் வாத்தியார் அவர். முதல் தடவை வந்தபோது தூக்கமே இல்லாமல், மூச்சு விடாமல் பேசிக்கொண்டு, வார்டில் துடைப்பக் கம்பை வைத்து எல்லோருக்கும் கியர் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். லித்தியம் என்ற மருந்தைக் கொடுத்து, மனநிலை சமனாகி, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போன மனிதர். இப்போது கை நடுங்கியது, நாக்கு குழறியது, எழுந்தால் கால் நிற்கவில்லை. நாள் கணக்கில் வாந்தி வேறு. ரத்தத்தில் லித்தியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

ஏன் ஏறியது என்பது அவர் மனைவி கொண்டுவந்த மாத்திரைப் பையைக் கொட்டியதும் தெரிந்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு அவர் முன்பு சாப்பிட்டு வந்த, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை அதில் இருந்தது; குடும்ப டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சாப்பிட்டால் லித்தியம் வெளியேறாமல் உடம்பிலேயே தேங்கும். அதனால்தான் வார்டில் அதை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியதே இவள்தான்.

இவள் போய் தன் நாலு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். மாஸ்டரின் சிறுவயது இருந்தது. அண்ணனோடு வந்த சொத்துத் தகராறு இருந்தது. கல்யாணமான கதை இருந்தது. புதிதாக ஆரம்பித்த மாத்திரைகள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. நிறுத்திய மாத்திரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு நேராக ‘தேவைக்கேற்ப’ என்று எழுதியிருந்தாள். யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்று அந்தச் சொல்லிடம்தான் கேட்க வேண்டும்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அந்தக் குடும்ப டாக்டருக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? பாடத்துல படிச்சதுதானே. ‘மருந்துகள் ஒன்னுக்கொன்னு ஒத்துக்கல’ன்னு பொதுவா எழுதிட்டு விடுங்க.”

நல்ல வழிதான். நனையாமல் ஆற்றைக் கடக்கலாம்.

லித்தியத்தை நிறுத்தி, நரம்பு வழியாக நீர் ஏற்றி, சிறுநீரகம் கெடவில்லை என்று உறுதியான பிறகு மாஸ்டர் தெளிந்தார். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“எல்லாம் எங்க தெரு டாக்டர் பண்ண வேலை, டாக்டரம்மா. பிரஷர் ஏறியிருக்கு, பழைய மாத்திரையவே போடுங்கன்னாரு. விட்டேனா நான்? க்ளினிக்குக்கே போய், அத்தன பேர் முன்னாடியும் நல்லா கேட்டுட்டேன். இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டோம். இந்தத் தடவை வேற டாக்டர் பேருக்கு எழுதிக் குடுங்க.”

இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். “சரிம்மா, இப்ப அவர் நல்லா இருக்காருல்ல” என்றுதான் வந்தது. சொல்லிவிட்டு வேகமாக நடந்து வந்துவிட்டாள். தவறு செய்தது ஒரு வெட்கம் என்றால், அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நழுவியது அதைவிடப் பெரிய வெட்கம். காதுமடல் வரை சுட்டது.

மதியம் வார்டுக்கு அந்தக் குடும்ப டாக்டரே போன் செய்தார். வயதான குரல்.

“மாஸ்டர் எப்படிம்மா இருக்காரு?”

“தெளிஞ்சிட்டாரு சார். லித்தியத்த குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிச்சிருக்கோம்.”

“அப்பாடா. என் தப்புதாம்மா. அவருக்கு முதல் பையன் பொறந்ததுலேர்ந்து நான்தான் பாக்கறேன். இது நடந்த பிறகு உங்க கடிதத்த எடுத்து எடுத்துப் படிச்சேன். எங்கேயாவது எழுதியிருந்து, கண்ணு மங்கி நான்தான் விட்டுட்டேனோன்னு.”

“எழுதல சார்.”

“என்னம்மா?”

“அந்த மாத்திரைய நிறுத்தினது நான். ஏன் நிறுத்தினேன்னு உங்களுக்கு எழுதல. நீங்க எதையும் விடல.”

அவர் பெருமூச்சு விட்டார். “எனக்கும் தெரிஞ்சிருக்கணும். லித்தியம் சாப்பிடறவங்க என்கிட்ட ரொம்ப வர்றதில்ல. ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கிடைச்சா பெருசு, வெளியில பெஞ்சு நிறைஞ்சு கிடக்கும். அன்னிக்கு உங்க கடிதத்துல அண்ணன் சண்டை வரைக்கும் வந்தேன், அதுக்குள்ள அடுத்த ஆள் இருமிக்கிட்டு உள்ள வந்துட்டாரு. நான் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது, எப்ப உங்களக் கூப்பிடணும், இத முதல்ல சொல்லிடுங்க. கதை பின்னாடி இருக்கட்டும்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இனிமே அவங்க என்கிட்ட வர மாட்டாங்க. புது டாக்டருக்காவது தெளிவா எழுதிடுங்கம்மா.”

அவர் கத்தியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள். போனை வைத்த பிறகு நர்ஸ் எதிரில் நிற்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று எழுதியது ஒரே பக்கம். முதலில் நோய், லித்தியத்தின் அளவு, கடைசியாகப் பார்த்த ரத்த அளவு. அடுத்து, நிறுத்திய மாத்திரையும் காரணமும். ரத்த அழுத்தம் ஏறினால் எந்த வகை மாத்திரை தரலாம், மூட்டுவலி என்று வந்தால் எந்த வலி மாத்திரைகளைத் தரக் கூடாது. ஒரு வாரத்தில் உங்கள் க்ளினிக்கில் ரத்தம் எடுங்கள், முடிவைப் பார்த்து லித்தியத்தின் அளவை நாங்கள் மாற்றுகிறோம். நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் லித்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே அனுப்புங்கள். தூக்கம் குறைந்து, கண்ட நேரத்தில் வண்டி பழக்கக் கிளம்பினால் கூப்பிடுங்கள். வார்டின் நேரடி எண். அடியில்: முதல் கடிதத்தில் மாத்திரை நிறுத்திய விவரம் இல்லாதது என் தவறு, உங்களுடையது அல்ல. பழைய டாக்டரின் பெயருக்கே எழுதினாள்.

மாஸ்டரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, கணவன் மனைவி இருவருக்கும் அதை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது.

மாஸ்டர்தான் முதலில் பேசினார். “சிக்னல் போடாம திரும்பினது நீங்க. திட்டு வாங்கினது பின்னாடி வந்தவரா?”

“ஆமாங்க.”

“விடு, சொல்லிட்டாங்கல்ல” என்றார் மனைவியிடம்.

மனைவி விடவில்லை. கத்தவும் இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“நான் கேட்டப்ப அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசல, டாக்டரம்மா. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் பாத்தாங்க. ஊசி போட வந்த ஒரு அம்மா எழுந்தே போயிட்டாங்க. அப்பவும் தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் நின்னாரு.” நிமிர்ந்து பார்த்தாள். “நான் அவர அத்தன பேருக்கு நடுவுல நிக்க வச்சேன். நீங்க கதவச் சாத்திட்டு என்கிட்ட மட்டும் சொல்றீங்க.”

இவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஏதாவது சமாதானம் சொல்லத் தோன்றியது.

“க்ளினிக் எப்பம்மா திறப்பாங்க?” என்று கேட்டாள்.

“என் பேரயும் நோவையும் மட்டும் அங்க சொல்லிடாதீங்க. நாளைக்கு எவனும் வண்டி கத்துக்க வர மாட்டான்” என்றார் மாஸ்டர்.

“சொல்ல மாட்டேன். என் தப்ப மட்டும் சொல்றேன்.”

மனைவி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

“காலையிலயே திறந்துடுவாரு. ஆனா சாயங்காலம் போலாம். அப்பதான் கூட்டம் இருக்கும்.”