பாதி மொட்டையும் ஒரு திருகாணியும்

திருத்தணியில் ஒரு தலையின் விலை நாலணா. உள்ளே இருக்கும் மூளைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஜமீன்தாருக்கும் அதே விலை, சண்டைக்குப் பயந்து ரங்கூனிலிருந்து ஓடி வந்தவனுக்கும் அதே விலை. பொய்கைக்கரை மொட்டைக் கொட்டகையில் இருபது வருஷமாக அந்த விலைக்குத் தலைகளை மழித்து வந்த கண்ணையனுக்கு, இப்போது தன் பிழைப்பே மயிரிழையில் தொங்கியது.

காரணம், எள்ளத்தனை திருகாணி. அவனுடைய மூக்குக்கண்ணாடியின் வலப்பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும் கீலில் அது நிற்க மறுத்தது. போன வாரம் ஒரு கிழவர் தலையை மழிக்கையில் கம்பி கழன்று, கத்தி நழுவி, காதோரம் கீறல். கொட்டகை மேஸ்திரி பரசுராமன் அன்றே சொல்லிவிட்டார்.

"இன்னொரு தபா கண்ணாடி உளுந்துச்சின்னா, உன் பலகைல கோதண்டம் குந்துவான்."

கோதண்டம் வேறு யாருமில்லை, கண்ணையன் பெண்டாட்டியின் தம்பி. "பாவா, உங்களுக்கு வயசாயிட்ச்சி" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே பலகையின் நீளத்தைக் கண்ணால் அளக்கிறவன்.

நேற்றுதான் படித்துறைக் கடிகாரக்காரன் ஜெகநாதன் திருகாணியை முடுக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு பொட்டு வைத்துக் கொடுத்திருந்தான். அந்தத் தைரியத்தில் கண்ணையன் இன்று கனகம்மாசத்திரம் வேர்க்கடலை மண்டி பக்தவச்சலத்தின் பிள்ளைக்குக் கத்தி வைத்தான். தகப்பன் மடியில் ஒன்பது மாசக் குழந்தை. உச்சிக்குழி தோலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது.

இடப்பாதி முடிந்தது. வலப்பாதிக்குத் திரும்பியபோது கம்பி லேசாக ஆடியது. கண்ணையன் மூச்சை நிறுத்திக் கத்தியை மேலே தூக்கினான். தூக்கினதுதான் தாமதம், எதிரே தண்ணீர்க் கிண்ணத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். கம்பி தோளில் விழுந்தது; கண்ணாடி மூக்கிலிருந்து சரிந்தது. குழந்தையின் தலை வெறும் வெளுத்த புகையாகிப் போனது.

ரத்தம் இல்லை. ஆனாலும் பரசுராமன் எழுந்துவிட்டார். கோதண்டம் கத்தியைத் தோல்வாரில் தீட்ட ஆரம்பித்துவிட்டான்.

"நகரு பாவா, மீதியை நான் பாத்துக்கறேன்."

"வேணாம்," என்றார் பக்தவச்சலம். "எங்க வூட்டு வழக்கம், ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும். கை மாறினா பிள்ளைக்கு ஆவாது."

பரசுராமன் மலையை நிமிர்ந்து பார்த்தார். "உச்சிகால மணி அடிக்கறதுக்குள்ள வந்து குந்தினா உன் பலகை. இல்லாட்டி கத்திய வச்சிட்டுப் போயிடு."

கண்ணையன் கிண்ணத்தில் விழுந்த திருகாணியைத் துழாவி எடுத்து, கண்ணாடியோடும் கத்தியோடும் படித்துறைக்கு ஓடினான். ஜெகநாதன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கீலைப் பார்த்தான். விரலால் தடவி முகர்ந்தான்.

"இன்னா கண்ணையா, தேங்கா எண்ணெ வாசனை?"

"கத்தி மூட்டுக்குத் தெனம் காலைல ஒரு சொட்டு வுடறேன். இதுவும் மூட்டுதானேன்னு..."

"நல்லா தாளிச்ச போ. எண்ணெ பட்ட மரையில அரக்கு எப்படி ஒட்டும்? நீ கம்பிய மடக்க மடக்க, திருகாணியும் கூடவே சுத்திகினு வெளிய வந்துட்ச்சி."

"கத்தி மட்டும் கழலலையே?"

"அது திருகாணி இல்ல, ஆணி. ரெண்டு முனையையும் தட்டி அடைச்சிருக்கு."

கண்ணையன் கையிலிருந்த கத்தியின் மூட்டைத் தடவினான். "அப்ப இதையும் தட்டி அடைச்சிடு."

"அடைச்சா அப்புறம் கழட்ட முடியாது, அறுத்துத்தான் எடுக்கணும். தட்டுறப்ப கண்ணாடி விரிஞ்சா நான் பொறுப்பில்ல. சண்டை முடியற வரைக்கும் பட்டணத்துலயும் வேற கிடைக்காது."

"அடி."

பழைய திருகாணியைப் போட்டுப் பார்த்தால் நுனி கீலோடு மட்டமாக நின்றது, தட்டுவதற்கு மிச்சமில்லை. ஜெகநாதன் தகர டப்பாவைக் கொட்டி, உடைந்த சட்டம் ஒன்றிலிருந்து அதே மரையுள்ள நீளமான ஒன்றைக் கழற்றினான். ஸ்பிரிட் துணியால் மரையைத் துடைத்தான். முடுக்கினான், முழுக்க இறுக்கவில்லை.

"ரொம்ப இறுக்கினா கம்பியே திருகாணியைப் புடிச்சித் திருப்பும். தள்ளினா போவணும், வுட்டா நிக்கணும்."

நீண்டிருந்த நுனியை ஒரு மயிரிழை விட்டுக் கத்தரித்தான். கண்ணாடிக்குத் துணி சுற்றி, திருகாணியின் தலையை இரும்புக் கட்டையில் அமர்த்தி, சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தட்டு. மலைமேல் யாரோ மணிக்கயிற்றைத் தொட்டதுபோல் ஒரு முனகல், காற்றுதான். மூன்றாவது தட்டில் நுனி குடை விரித்தாற்போல் பரந்து கீலைக் கவ்வியது. கண்ணாடியில் விரிசல் இல்லை.

"கூலி?"

ஜெகநாதன் ஒரு வாரத் தாடியைச் சொறிந்தான். "காசு வேணாம். இந்தத் திருகாணி நிக்கற வரைக்கும் எனக்குச் சவரம்."

"அது ஆயுசுக்கும் நிக்குமே?"

"அதான் கேக்கறேன்."

பேரம் பேச நேரமில்லை. கண்ணையன் கொட்டகைக்கு ஓடி வந்து, பலகையில் உட்கார்ந்து குழந்தையின் தலையை நனைத்தபோது மணி அடித்தது. கோதண்டம் தன் கத்தியை மடக்கினான்.

சாயங்காலம் கண்ணையன் மனசுக்குள் கணக்கை முடித்தான்: மழித்த தலை பதினாறு, கீறல் இல்லை, பலகை கைவசம். ஜெகநாதனுக்குச் சவரம் ஒன்று தீர்ந்தது. மீதி, திருகாணி உள்ளவரை பாக்கி.